வடக்கு வெளிச்சமும் யாழ்ப்பாணத்துச் சூரியனும்

கனடாவிலும் பிரித்தானியாவிலும் வாழும் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, தாம் படித்த யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றுக்குச் சித்திர அறை கட்டிக்கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். பாடசாலையின் பெயர் இங்கே வேண்டாம். அதன் வரைபடம் அண்மையில் என் பார்வைக்கு வந்தது. வரைபடத்தோடு ஐரோப்பிய ஓவியக்கூடம் ஒன்றின் வண்ணப் புகைப்படமும் இணைக்கப்பட்டிருந்தது. உயர்ந்த கூரை. கூரையின் வடக்குச் சரிவு முழுவதும் கண்ணாடி. அதன் கீழே வரிசையாக ஓவியத் தாங்கிகள். தரையெல்லாம் பல ஆண்டு வர்ணக் கறைகள். அறை முழுவதும் நிழல் கூர்மை இல்லாத, குளிர்ந்த, ஒரே சீரான பகல் வெளிச்சம். அழகான படந்தான். “இதைப் போலவே அமைய வேண்டும்” என்று அதன் ஓரத்தில் எழுதப்பட்டிருந்தது. வரைபடமும் அதற்கு அமைவாக, வடக்கு நோக்கி 45 பாகை சரிந்த கண்ணாடிக் கூரையைக் காட்டியது.

அந்தக் கண்ணாடிக் கூரை அப்படியே கட்டப்படக் கூடாது என்பது என் கருத்து. பணம் அனுப்புகிறவர்களின் நல்லெண்ணத்தைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. வடக்கு வெளிச்சம் என்ற ஏற்பாடு எங்கே பிறந்தது, ஏன் பிறந்தது என்பதைப் பார்க்காமல் அதன் தோற்றத்தை மட்டும் பெயர்த்து வந்தால், குளிர்ந்த வெளிச்சத்துக்குப் பதிலாக வெயிலைத்தான் அறைக்குள் இறக்கி வைப்போம். அதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஓவியர்கள் வடக்கு வெளிச்சத்தை நாடியதற்கு முதற் காரணம் அதன் அழகு அல்ல, அதன் அசையாமை. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. மேசையில் ஒரு மண்சட்டியையும் இரண்டு மாம்பழங்களையும் வைத்து வரையத் தொடங்கும் மாணவன், வெயில் விழும் யன்னலருகே இருந்தால், இரண்டு மணி நேரத்தில் வெளிச்சத்தின் திசை 30 பாகை திரும்பிவிடும். முதலில் சட்டியின் இடப்பக்கம் தீட்டிய நிழலும் கடைசியில் மாம்பழத்துக்குத் தீட்டிய நிழலும் வெவ்வேறு சூரியனுக்கு உரியவையாகும். பார்ப்பவருக்குக் காரணம் உடனே தெரியாது. படத்தில் ஏதோ பொருந்தவில்லை என்று மட்டும் தோன்றும். ஆசிரியர் அதை மாணவனின் கைப்பிழை என்று திருத்துவார். பிழை உண்மையில் யன்னலினுடையது.

நேர்வெயில் நுழையாத யன்னலில் இந்தச் சங்கடம் இல்லை. அங்கே வெளிச்சம் தருவது சூரியன் அன்று, வானம். வானம் அகலமான விளக்கு. அது நகர்வதில்லை. அகலமாக இருப்பதால் நிழலின் ஓரம் மெல்ல மெல்லக் கரைந்து போகும். உருண்டையான பொருளின் உருட்சி கண்ணுக்குத் தெரிவது அந்தக் கரைவினாலேதான். லெயனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில், இயற்கையைப் பார்த்து வரைவதற்கு வெளிச்சம் மாறாதிருக்கும்படி வடக்கிலிருந்து வரவேண்டும் என்றும், தெற்கு யன்னல்தான் உள்ளதென்றால் அதைத் துணியால் மறைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். பொருளின் நிழல் அதன் உயரத்தளவே நீளும்படி யன்னல் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு விதி. அதாவது, வெளிச்சம் மேலிருந்து ஏறத்தாழ 45 பாகையில் இறங்க வேண்டும். இரண்டு விதிகளையும் எழுதியவர் இத்தாலியர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம்.

பிரான்சின் தெற்கே எக்ஸ் நகரில் ஓவியர் செசான் கட்டிய கூடம் இதற்கு நல்ல உதாரணம். லோவ் என்ற குன்றின் சரிவில் 1901ஆம் ஆண்டு காணி வாங்கி, தம் தேவைக்கென்றே கட்டுவித்து, 1902 முதல் 1906இல் இறக்கும் வரை அங்கே வேலை செய்தார். மேல் மாடியில் உள்ள வேலை அறையின் வடக்குப் பக்கத்தில் பெரிய கண்ணாடி யன்னல். தெற்கே சிறிய யன்னல்கள். சுவர்களுக்குச் சாம்பல் நிறம். பெரிய கன்வஸ்களைப் படிக்கட்டால் இறக்க முடியாது என்பதற்காகச் சுவரில் ஒடுங்கிய நெடும் பிளவு ஒன்றை விட்டிருந்தார். குளிப்போரைச் சித்திரிக்கும் அவருடைய பேரளவு ஓவியங்களுக்கு அது தேவைப்பட்டது. இந்த விபரங்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த அறையில் எந்த உறுப்பும் பாணிக்காக வைக்கப்பட்டதல்ல. சாம்பற் சுவர்கூட, நிறமுள்ள சுவர் தன் சாயலைக் கன்வஸின் மேல் வீசிவிடும் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கத்தக்க நிறம். அவர் தம் ஊரின் சூரியனுக்கு ஏற்றபடி கட்டினார்.

எக்ஸ் நகரம் ஏறத்தாழ 43½ பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஆனி மாதத்து நடுக்கோடையிலும் நண்பகற் சூரியன் அங்கே தெற்கு வானில் 70 பாகை உயரத்தில்தான் நிற்கும். உச்சியைத் தாண்டி வடக்கே வருவது அங்கே எந்நாளும் நடவாது. பாரிசில் அந்த உயரம் 65 பாகை, இலண்டனில் 62. ஆகவே அந்த ஊர்களில் வடக்குச் சுவரின் செங்குத்தான யன்னலுக்கு நாளின் பெரும்பகுதியில் வெயில் எட்டாது. கோடையில் மட்டும் விடியற்காலையிலும் மாலையிலும் சூரியன் வடகிழக்கிலும் வடமேற்கிலும் நின்று எட்டிப் பார்க்கும். பாரிசில் நடுக்கோடையில், சூரிய நேரப்படி காலை ஏழரைக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பின்பும் இது நிகழும். அதற்குத்தான் அங்குள்ள பழைய கூடங்களில் நீண்ட திரைச்சீலைகள் தொங்கின. சரிந்த கண்ணாடி வைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கண்ணாடியின் சரிவு, நடுக்கோடை நண்பகற் சூரியனின் உயரத்தைவிடச் செங்குத்தாக இருந்தால்தான் தெற்கிலிருந்து வெயில் கூரை முகட்டைத் தாண்டி உள்ளே விழாது. பாரிசில்கூட 45 பாகைச் சரிவு போதாது. சித்திரை பிறப்பதற்கு முன்பிருந்து ஆவணி முடியும் வரை அங்கும் நண்பகலில் வெயில் நுழைந்துவிடும்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். நமது அகலக்கோடு ஏறத்தாழ 9.7 பாகை. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் வருவதை நாம் எல்லோரும் அறிவோம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5 முதல் 15 வரை இலங்கையின் தெற்கிலிருந்து வடக்காகச் சூரியன் ஒவ்வோர் ஊருக்கும் நேரே உச்சியில் நிற்பதாக வானிலை அவதான நிலையம் அறிவிக்க, நாங்களும் செய்தியாக வெளியிட்டு வந்திருக்கிறோம். அந்தச் செய்தியின் மறுபாதியை நாம் யோசிப்பதில்லை. ஏப்ரல் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தின் உச்சியைக் கடக்கும் சூரியன் பிறகு எங்கே போகிறது? வடக்கே போகிறது. ஓகஸ்ட் கடைசியில்தான் திரும்பி உச்சிக்கு வருகிறது. இடையிலுள்ள நாலரை மாதமும் நண்பகற் சூரியன் நமக்கு வடக்கு வானில் நிற்கிறது. ஜூன் 21 அன்று அது உச்சியிலிருந்து 14 பாகை வடக்கே சரிந்திருக்கும். அன்று உதயம் முதல் அஸ்தமனம் வரை ஒரு கணமும் அது தெற்கு வானுக்கு வருவதில்லை. உத்தராயணம், தட்சிணாயனம் என்று ஆண்டை இரண்டாகப் பகுத்துப் பஞ்சாங்கம் வைத்திருந்த சமூகம் நாம். சூரியனின் இந்த வடக்குப் பயணத்தை நமக்கு ஐரோப்பியர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வரைபடத்தின் 45 பாகைக் கண்ணாடிக் கூரையை இந்தச் சூரியனின் கீழ் வைத்துப் பார்ப்போம். வைகாசி, ஆனி, ஆடி மாதங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சூரியன் கண்ணாடிக்கு முன்னாலேயே நிற்கும். மார்கழியில் என்னவாகும்? டிசம்பர் 21 அன்று சூரியன் எவ்வளவுக்குத் தெற்கே போக முடியுமோ அவ்வளவுக்குப் போயிருக்கும். அன்றும் யாழ்ப்பாணத்தில் நண்பகற் சூரியனின் உயரம் 57 பாகை. கண்ணாடியின் சரிவோ 45. ஆகவே ஆண்டின் மிகத் தாழ்ந்த நண்பகற் சூரியனும் முகட்டைத் தாண்டி அந்தக் கண்ணாடியில் விழும். சுருங்கச் சொன்னால், ஆண்டின் 365 நாளும், முகில் மறைக்காத நண்பகல்களில், அந்த அறைக்குள் நேர்வெயில் இறங்கும். இதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. மார்கழி நண்பகலில் நம் வீட்டுக் கூரையின் வடபுற ஓட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

வெயில் இறங்கினால் என்ன கெடும் என்று கேட்கலாம். வெளியே நண்பகல் வெயிலின் ஒளிச்செறிவு ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்கும். யன்னலால் வானொளி மட்டும் வரும் நல்ல அறையில் தாங்கியின் மேல் சில நூறு முதல் ஆயிரம் லக்ஸ் வரைதான் இருக்கும். இந்த அறைக்குள் ஒரு வெயில் துண்டு தரையில் விழுந்தால், கண்மணி அதற்கேற்பச் சுருங்கிக்கொள்ளும். பிறகு கன்வஸின் இருண்ட பகுதிகளில் உள்ள வேறுபாடுகள் கண்ணுக்குப் புலப்படா. மாணவன் நிழல்களைக் கறுப்பாகக் குழைத்துத் தள்ளுவான். அந்த வெயில் துண்டு மணிக்கு மணி ஊர்ந்து செல்லும். அது விழுந்த சுவரும் தரையும் தாமே விளக்குகளாகி, வெளிச்சத்தின் திசையையும் நிறத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கும். எந்த அசைவைத் தவிர்க்க வடக்கு யன்னல் வைக்கப்பட்டதோ, அந்த அசைவு அறையின் நடுவிலேயே குடியேறிவிடும். வெப்பத்தைப் பற்றித் தனியே எழுதத் தேவையில்லை. கண்ணாடிக் கூரையின் கீழ், பங்குனி நண்பகலில், நாற்பது பிள்ளைகள்.

மழை வேறு. யாழ்ப்பாணத்தின் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. வாடைக்காற்று மழையைச் சாய்த்து அடிப்பது வடக்கு, வடகிழக்குப் பக்கங்களிலிருந்துதான். சரிந்த கண்ணாடியின் பொருத்துகள் ஒவ்வொன்றும் அந்த மழைக்கு நேரே முகங்கொடுத்து நிற்கும். பொருத்துகளை அடைக்கும் பசை நம் வெயிலில் சில ஆண்டுகளில் காய்ந்து வெடிக்கும். ஏணி வைத்து ஏறித் திரும்பப் பூசுவதற்குப் பாடசாலையில் யார் இருக்கிறார்கள்? கட்டுவதற்குப் புலத்திலிருந்து பணம் வரும். பராமரிக்க வருவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

அப்படியானால் வடக்கு வெளிச்சமே நமக்கு வேண்டாமா? வேண்டும். கூரையைக் கண்ணாடியாக்காமல், வடக்குச் சுவரின் மேற்பகுதியில் செங்குத்தான உயர் யன்னல் வைத்து, அதற்கு மேலே போதிய வெயில்மறைப்பை நீட்டினால் வேலை முடிந்தது. எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லலாம். யன்னற் கண்ணாடி 5 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மிகக் கடினமான நாளான ஜூன் 21ஐ எடுத்துக்கொள்வோம். அன்று நண்பகலில் கண்ணாடி முழுவதும் நிழலில் நிற்க, மறைப்பு ஒன்றேகால் அடி நீண்டிருந்தால் போதும். சூரியன் அப்போது உயரத்தில் இருப்பதால் வடக்கே நின்றாலும் அதிகம் எட்டிப் பார்க்க முடியாது. காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் 2 அடி வேண்டும். 8 மணிக்கும் 4 மணிக்கும் 3 அடி. காலை ஏழரைக்கு 4 அடி. அதற்கு முன்பு என்றால் அளவு கிடுகிடுவென ஏறும். 7 மணிக்குக் கிட்டத்தட்ட 6 அடி வந்துவிடும். இவை சூரிய நேரம். நமது மணிக்கூட்டோடு பத்துப் பன்னிரண்டு நிமிட வித்தியாசந்தான் உண்டு.

பாடசாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிகிறது. முதல் அரை மணி நேரத்துக்காக மறைப்பை நீட்டிக்கொண்டே போவது வீண் செலவு. 3 அடியோடு நிறுத்தினால், ஏழரை மணிக்குக் கண்ணாடியின் அடிப்பகுதியில் ஒன்றேகால் அடிப் பட்டையில் மட்டும் வெயில் படும். எட்டு மணிக்கு அதுவும் போய்விடும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலைச் சூரியன் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து வருவதால், மறைப்பு யன்னலின் அகலத்துக்கு மட்டும் இருந்தால் ஓரத்தால் வெயில் புகும். அதற்கு மறைப்பைச் சுவரின் முழு நீளத்துக்கும் கொண்டுபோகலாம். அல்லது யன்னலின் கிழக்கு ஓரத்தில் அதே 3 அடிக்கு ஒரு நிறுத்துச் சுவர் எழுப்பலாம். மாலையிலும் அறையைப் பயன்படுத்துவதாக இருந்தால் மேற்கிலும் ஒன்று வேண்டும். எந்த மேசனுக்கும் இது புதிய வேலை அல்ல. வாடை மழைக்கும் இதே மறைப்பு குடையாகும்.

யன்னல் எவ்வளவு உயரத்தில் தொடங்க வேண்டும் என்பதிலும் நம் ஊருக்கென்று ஒரு காரணம் உண்டு. மறைப்பு வானத்தின் மேற்பகுதியை மறைத்துவிடுவதால், அறைக்குள் வரும் வெளிச்சத்தில் கணிசமான பங்கு வெளியே தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சமாக இருக்கும். யாழ்ப்பாணத்தின் பல இடங்களில் அந்தத் தரை செம்மண். நண்பகலில் செம்மண் முற்றம் ஒரு சிவப்பு விளக்காக எரியும். யன்னல் தாழ்வாக இருந்தால் அந்தச் சிவப்பு கீழிருந்து மேல்நோக்கி வந்து, மூக்கின் அடியிலும் தாடையின் அடியிலும் வெளிச்சம் பூசும். உருவப்படம் வரைபவருக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை. ஆகவே அடிச்சட்டம் தரையிலிருந்து 7 அடியில் தொடங்கட்டும். 5 அடிக் கண்ணாடி சேர, மேல்விளிம்பு 12 அடியில் வரும். வெளியே யன்னலடியில் செம்மண்ணை வெறுமையாக விடாமல் நரைத்த சல்லி பரப்பலாம். மேல்விளிம்பின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் வரை பயனுள்ள வெளிச்சம் எட்டும் என்பது கட்டடக்காரரின் பொதுக் கணக்கு. 12 அடிக்கு 24 அடி. ஒரு வகுப்பறைக்கு அது போதும்.

வெளியே உள்ள தரைக்குச் சொன்னது உள்ளே உள்ள தரைக்கும் பொருந்தும். நம் வீடுகளிலும் பழைய பாடசாலைக் கட்டடங்களிலும் மினுக்கிய சிவப்புச் சீமெந்துத் தரை பெருமைக்குரியது. ஓவிய அறைக்கு அது ஆகாது. அந்த வரைபடத்தில் சிவப்புத் தரைதான் குறிக்கப்பட்டிருந்தது. மினுக்காத சாம்பற் சீமெந்து மலிவானது, நிறம் வீசாது, வர்ணம் சிந்தினாலும் கவலையில்லை. சிந்தத்தான் வேண்டும். வாரந்தோறும் கழுவி மினுக்கப்படும் சித்திர அறைகளைப் பார்க்கும்போது, அங்கே பிள்ளைகள் வர்ணத்தைத் தொடவே பயப்படுகிறார்கள் என்றுதான் எனக்குப் படும்.

தரை என்றதும் அமெரிக்க ஓவியர் ஜக்சன் பொலொக்கின் கொட்டகை நினைவுக்கு வருகிறது. 1945இல் லோங் ஐலண்டின் ஸ்பிரிங்ஸ் என்ற கிராமத்தில் அவரும் மனைவி லீ கிராஸ்னரும் வீடு வாங்கினார்கள். மறு ஆண்டு, காணியில் நின்ற பழைய கொட்டகையை வேறிடத்துக்கு நகர்த்தி, வடக்குப் பக்கத்தில் உயரமாக ஒரு யன்னல் வைத்துத் தம் கூடமாக்கிக்கொண்டார் பொலொக். அவருக்கு ஓவியத் தாங்கி தேவைப்படவில்லை. கன்வஸைத் தரையில் விரித்து, சுற்றி நடந்து வர்ணத்தை ஊற்றினார். 1953இல் கொட்டகையைத் திருத்தியபோது தரை பலகைத் தகடுகளால் மூடப்பட்டது. 1956இல் பொலொக் வீதி விபத்தில் இறந்தார். பிறகு கிராஸ்னர் அதே அறையில் வேலை செய்தார். அவர் கன்வஸைச் சுவரில் அறைந்து தீட்டியதால் அவருடைய கறைகள் சுவரில் உள்ளன. 1984இல் அவரும் இறந்த பின்னர், தரைத் தகடுகளைப் பெயர்த்தபோது, கீழே பொலொக்கின் வர்ணங்கள் அப்படியே இருந்தன. இன்று அங்கே போகிறவர்கள் மெத்தென்ற செருப்பு அணிந்து அந்தத் தரையில் நடக்கிறார்கள். வெளிச்சம் கிடைத்ததென்றால் மாட்டுக்கொட்டகை போன்ற இடமும் போதும் என்பதற்கு இது சாட்சி. அந்தப் பாடசாலைக்குக் கண்ணாடிக் கூரைக்கென ஒதுக்கியுள்ள பணத்தில் பாதியைக் கன்வஸுக்கும் வர்ணத்துக்கும் கொடுக்கலாம்.

வெளிச்சத்தின் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் கண்ட “குளிர்ந்த” வெளிச்சம் கற்பனையல்ல. நீலவானத்திலிருந்து வரும் ஒளி நேர்வெயிலைவிட நீலச்சாயல் மிக்கது. ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் அளவில் நேர்வெயில் 5,500 அளவில் நிற்க, தெளிந்த வடக்கு வானம் 7,000இலிருந்து 10,000 வரை போகும். பழைய மின்குமிழ் 2,700தான். மின்குமிழின் மஞ்சள் ஒளியில் இளமஞ்சளும் வெள்ளையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். கடும் நீலமும் கறுப்பும் மயங்கும். இரவில் குமிழின் கீழ் வெள்ளை என்று நினைத்துத் தீட்டிய இடம் காலையில் மஞ்சளாக விழிக்கும். மாறாக, வானொளியில் தீட்டிய படத்தை மஞ்சள் குமிழ்கள் தொங்கும் மண்டபத்தில் காட்சிக்கு வைத்தால் அதன் நீலங்கள் செத்துப்போகும். நம் ஊர்க் கண்காட்சிகளில் இது நடப்பதை அடிக்கடி காண்கிறோம். ஓவியரைக் குறை சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். இரவு வேலைக்கு விளக்கு வேண்டுமென்றால் 5,000 கெல்வினுக்குக் குறையாத, நிறங்காட்டும் சுட்டெண் 90க்கு மேற்பட்ட எல்.ஈ.டி. குழாய்களை வாங்க வேண்டும். பெட்டியிலேயே இரண்டு எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டாவது எண் அச்சிடப்படாத பெட்டியை வாங்க வேண்டாம்.

வடக்கு வெளிச்சத்துக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. திசை மாறாது என்றுதான் அது உறுதி தருகிறது. அளவு மாறாது என்று அல்ல. வடக்கு வானில் வெயில்பட்ட வெண்முகில் ஒன்று வந்து நின்றால் அறை திடீரென ஒளிரும், நிறமும் சற்று வெதுவெதுப்பாகும். மழைமுகில் மூடினால் வெளிச்சம் பல மடங்கு குறையும். அதைச் சமாளிக்க ஓவியர் பழகிக்கொள்கிறார். திசை நிலையாக இருக்கும் வரை நிழல்களின் வடிவம் மாறாதல்லவா.

இன்னொரு கேள்வியும் எழும். நம் ஊர் ஓவியர்கள் இந்தக் கணக்குகள் எதுவுமின்றி இத்தனை காலம் வரையவில்லையா? வரைந்தார்கள். அவர்களிற் பலர் விறாந்தையில் இருந்து வரைந்தார்கள். தாழ்ந்து இறங்கிய கூரையின் கீழ், முற்றத்தைப் பார்த்த அகன்ற விறாந்தை நேர்வெயிலைத் தடுத்து வானொளியை மட்டும் உள்ளே விடும். வடக்கு விறாந்தையும் நான் மேலே கணக்கிட்ட மறைப்பும் அடிப்படையில் ஒன்றே. 3 அடி மறைப்பை நான் எங்கிருந்தோ கொண்டுவரவில்லை. நம் பழைய வீடுகளின் இறவாரத்தை அளந்து பார்த்தாலே ஏறத்தாழ அந்த எண் கிடைக்கும்.

புலத்தில் வாழும் ஓவிய நண்பர்களுக்கும் இதில் ஒரு சொல் இருக்கிறது. ரொறன்ரோ 43.7 பாகையில் இருப்பதால், செசானின் எக்ஸ் நகரத்துக் கணக்கு அங்கே அப்படியே செல்லும். வடக்குச் சுவரில் வெறும் செங்குத்து யன்னலே போதும். நிலக்கீழ் அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு தீட்டுகிறவர்கள், வீட்டின் வடபுறத்தில் வாகனத் தரிப்பறை இருக்குமானால் அதற்கு இடம்மாறுவது நல்லது. மெல்பேர்ணிலும் சிட்னியிலும் இருப்பவர்கள் புத்தகத்தில் “வடக்கு” என்று கண்ட இடமெல்லாம் “தெற்கு” என்று வாசிக்க வேண்டும். அங்கே சூரியன் வடக்கு வானில் செல்கிறது. வடக்கு யன்னல் வைத்தால் நாள் முழுவதும் வெயில்தான்.

எந்த ஊரானாலும், சுவரை உடைப்பதற்கு முன் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. தாங்கி நிற்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன் நடுவே ஒரு பென்சிலைக் களிமண்ணில் குத்தி நிறுத்துங்கள். அரை மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியைப் புள்ளியிட்டு நேரத்தை எழுதுங்கள். புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, நிழலின் ஓரமும் கரைந்து காணப்பட்டால் அது வானொளி. புள்ளிகள் வரிசையாக நடக்கத் தொடங்கினால் சூரியன் உள்ளே வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் இதை மார்கழியில் ஒருநாளும் ஆனியில் ஒருநாளும் செய்ய வேண்டும். அந்தப் பாடசாலையின் அத்திவாரம் இன்னும் வெட்டப்படவில்லை. ஆனி வரை பொறுத்திருந்து, பென்சிலை நட்டுப் பார்த்துவிட்டு வெட்டட்டும்.